ரெண்டு பேர் சேர்ந்து கம்பெனி ஆரம்பிக்கப் போற தம்பிகளுக்கு



போன வாரம் அன்னதானத்துக்கு வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தப்போ ஒரு தம்பி கேட்டார்: "அண்ணே, நானும் என் கூட்டாளியும் உங்க மாதிரியே சேர்ந்து வெப்சைட் வேலை எடுக்கலாம்னு இருக்கோம். அவன் டிசைன், நான் புரோகிராம். எஸ்எஸ்எம்ல பதிஞ்சா போதும்தானே?" அங்க நாலு வார்த்தையில சொல்ல முடியல. அதனால எங்க ரெண்டு பேர் கதையை இங்க எழுதுறோம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க.

நாங்க ரெண்டு பேரும் சுங்கை சிப்புட் பக்கம் ஒரே தோட்டத்துல பிறந்தவங்க. இப்ப அங்க ரப்பர் மரமும் இல்ல, லயமும் இல்ல. ஈப்போவுக்கு வந்து ஆளுக்கு ஒரு மூலையில தனியா வேலை பார்த்தோம். ஒருத்தர் டிசைன், இன்னொருத்தர் புரோகிராம். ரெண்டாயிரம், மூவாயிரம் வெள்ளி வேலை வரும், போகும். பெரிய வேலைக்கு விலை கொடுக்கப் போனா எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்பாங்க: "நீ ஒரு ஆள். உனக்குக் காய்ச்சல் வந்தா யாரு பதில் சொல்றது?" டிசைனர் வேலையை எடுத்து, புரோகிராமை வெளிய கொடுத்துப் பார்த்தோம். அப்பவும் கையெழுத்துப் போட்டவர் தலையிலதான் முழு பாரமும் விழுந்தது. அதுக்கப்புறம்தான் ஒரே பேர்ல நிக்கலாம்னு முடிவு பண்ணினோம்.

பதியிறது சுலபம்தான். வியாபாரப் பேர்ல பதிஞ்சா வருஷத்துக்கு 60 வெள்ளி. தொழில் தொடங்கி 30 நாளுக்குள்ள பதியணும். ஆனா அந்தத் தாள்ல பேரும் முகவரியும்தான் இருக்கும். யாருக்கு எவ்வளவு, யார் எதுக்குப் பொறுப்பு, ஒருத்தர் விலகினா என்ன ஆகும், இது எதுவும் இருக்காது. நாமளா எழுதி வைக்கலன்னா, 1961-ம் வருஷத்துப் பங்குடைமைச் சட்டம் நமக்காக எழுதி வச்சிருக்கு: லாபமும் நட்டமும் சரிபாதி. அது நியாயம்னுதான் நாங்களும் நினைச்சோம். அண்ணன் தம்பி மாதிரி இருக்கோமே, எழுதி வேற வைக்கணுமான்னு ஒரு எண்ணம்.

முதல் பெரிய வேலை ஒரு மொத்த வியாபாரியோடது. விலைப்பட்டியல், ஆர்டர், ரசீது எல்லாம் சேர்த்து 24,000 வெள்ளி. சர்வர், ஃபாண்ட், அலைச்சல், பின்னால வர்ற பழுதுக்குன்னு 4,000 ஒதுக்கிட்டு, மீதி 20,000-த்தை ஆளுக்குப் பத்தாயிரமாப் பிரிச்சுக்கறதா வாய்ப்பேச்சு. டிசைனுக்கு 20 நாள், புரோகிராமுக்கு 30 நாள்னு ஒரு கணக்கு. அப்பவே நாள் கணக்கும் காசுக் கணக்கும் ஒட்டல. ரெண்டு பேருமே அதைப் பேசல.

பாதி வேலையில டிசைன் பார்க்கிறவர் வாடிக்கையாளரைச் சந்திக்கப் போனார். "எங்க பழைய தமிழ் விவரமெல்லாம் இருக்கு, அதையும் போட்டுடலாமே?" அவங்க கேட்க, "தாராளமா"ன்னு சொல்லிட்டு வந்துட்டார். எடுத்து ஒட்டற வேலைன்னு அவர் நினைப்பு. பெட்டியைத் திறந்தா, எல்லாம் பாமினி எழுத்துருவுல அடிச்சது. அந்த ஃபாண்ட் இருக்கிற கணினியில தமிழாத் தெரியும். வெப்சைட்ல ஒட்டினா 'தமிழ்'ங்கிற சொல் `jkpo;`ன்னு வரும். அதை யூனிகோடுக்கு மாத்தணும். வெறுமனே எழுத்துக்கு எழுத்து மாத்தினாப் போதாது. பழைய ஃபாண்ட்ல 'கெ' அடிக்க கொம்பு முதல்ல, க பின்னால. யூனிகோடுல க முதல்ல, கொம்பு பின்னால. அந்த வரிசையைத் திருப்பணும். நடுநடுவுல ஆங்கிலத்துல அடிச்ச சரக்குப் பேரையெல்லாம் தொடாம விடணும். அப்புறம் ஒவ்வொரு வரியாப் படிச்சுப் பார்க்கணும். தமிழ்ச் சொல் நீளமா இருக்கறதால பொத்தானெல்லாம் உடைஞ்சு, பக்கத்தையும் திருத்த வேண்டியதாப் போச்சு. புரோகிராம் எழுதுறவருக்கு ஒன்பது நாள் கூடுதல். கூடுதல் காசு ஒரு காசு இல்ல, ஏன்னா வாயால ஒத்துக்கிட்டாச்சு.

இங்கதான் சட்டத்தோட இன்னொரு பக்கம் தெரிஞ்சது. தொழில் சம்பந்தமா ஒரு கூட்டாளி கொடுக்கிற வாக்கு மத்தவரையும் கட்டும். வாடிக்கையாளர் மேல தப்பே இல்ல, கம்பெனி சொன்னதைத்தான் கேட்டாங்க. ஒருத்தர் 20 நாள் வேலைக்குப் பத்தாயிரம், இன்னொருத்தர் 39 நாள் வேலைக்குப் பத்தாயிரம். மூணு வாரம் நாங்க பேசிக்கல. கோயில்ல ஒரே பந்தியில பரிமாறினப்போ, சாம்பார் வாளியைக் கைமாத்தும்போதுகூட முகத்தைப் பார்க்கல. (பங்காளின்னாலே சண்டைன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க.)

அதுக்கப்புறம் உட்கார்ந்து எழுதினோம். நாலு பக்கம், சாதாரணத் தமிழ்ல. முக்கியமானது பங்கு. சரிபாதியை விட்டுட்டோம். விலை கொடுக்கறதுக்கு முன்னாலயே ஆளுக்கு எத்தனை நாள்னு எழுதி, நாளுக்கு ஒரே கூலி. அதே வேலையை அப்படிப் பிரிச்சிருந்தா, 20,000-த்தை 50 நாளால வகுத்து நாளுக்கு 400. டிசைனுக்கு 8,000, புரோகிராமுக்கு 12,000. யார் நாள் உசத்தின்னு சண்டைக்கே இடமில்ல.

அடுத்தது, வாடிக்கையாளர் எது கேட்டாலும் அங்கேயே 'சரி' கிடையாது. "பார்த்துட்டு நாளைக்குச் சொல்றோம்." எத்தனை நாள், எவ்வளவு காசுன்னு ரெண்டு பேரும் பார்த்து, எழுத்துல அனுப்பி, அவங்க எழுத்துல ஒத்துக்கிட்டாத்தான் வேலை. பணமும் ஒரே தடவையா இல்ல: கையெழுத்துக்கு 30 விழுக்காடு, டிசைன் ஒப்புதலுக்கு 30, சோதனை ஓட்டத்துக்கு 30, ஒப்படைச்சப்புறம் மீதி 10. டிசைன் ஒப்புதலுக்குன்னு தனித் தவணை வச்சதுல இன்னொரு நன்மை. அந்தப் படத்துல கையெழுத்து விழறதுக்கு முன்னால புரோகிராம் தொடங்கறதில்ல. முன்னெல்லாம் கட்டின சுவரை இடிச்சு இடிச்சுக் கட்டிக்கிட்டு இருந்தோம்.

வங்கிக் கணக்குல ரெண்டு கையெழுத்து. டிசைன் கோப்பு, சர்வர் கடவுச்சொல் எல்லாம் ரெண்டு பேர்கிட்டயும் இருக்கும். காய்ச்சல் கேள்விக்கு அதுதான் எங்க பதில்.

கடன் விஷயத்தை மட்டும் தம்பிகள் நல்லாப் புரிஞ்சுக்கணும். நம்ம சுங்கை சிப்புட் துன் சம்பந்தன் 1960-ல தொடங்கின தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை வீட்டுல கேட்டுப் பாருங்க. கூட்டுறவுல நட்டம் வந்தா போட்ட பங்கோட போச்சு. எஸ்எஸ்எம்ல பதியிற சாதாரணக் கூட்டு அப்படி இல்ல. கம்பெனிக் கடனுக்கு நம்ம சொந்த சேமிப்பு வரைக்கும் கைவைக்கலாம். விலகிப் போனாலும், இருந்த காலத்துக் கடன் கூடவே வரும். 2012 சட்டத்துல வந்த பி.எல்.டி. வகையில அந்த ஆபத்து குறைவு. பதிவுக்கு 500 வெள்ளி, வருஷா வருஷம் கணக்கு நிலை அறிவிப்பும் கொடுக்கணும். நாங்க இன்னும் சாதாரணக் கூட்டுதான். கடன் வாங்காம ஓட்டறோம். வேலை இன்னும் பெருசானா மாறத்தான் வேணும். அதுல எங்க ரெண்டு பேருக்கும் இன்னும் ஒத்துப்போகல, அந்த 500 வெள்ளியை இப்பவே கட்டணும்னு ஒருத்தர் பிடிவாதமா இருக்கார்.

வரி விஷயம் ஒண்ணு: கூட்டுக்குத் தனியா பாரம் பி அனுப்பணும். அப்புறம் ஆளாளுக்கு அவங்க பங்கைத் தன் சொந்தக் கணக்குல காட்டணும். முதல் வருஷம் இதைக் கவனிக்காம கடைசி நேரத்துல ஓடினோம்.

எங்க நாலு பக்கத்தைப் பார்க்கணும்னா வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு வாங்க, காலணி வைக்கிற இடத்துக்குப் பக்கத்து மேசையில இருப்போம். கூட்டாளியையும் கூட்டிட்டு வரணும். ஒருத்தர் மட்டும் வந்து படிச்சா பிரயோஜனம் இல்ல.