இராசினாமாவும் இளைப்பாறலும்

நம்மோடு ஒரே வாங்கில் அமர்ந்து பயின்ற நண்பரொருவர் இலுப்பைக்கடவையைச் சேர்ந்தவர். பதினான்கு ஆண்டுகள் அரசாங்க எழுதுவினைஞராகக் கடமையாற்றியவர். சிறுநீரக நோய்வாய்ப்பட்டு, சிகிச்சைக்காக வாரந்தோறும் மன்னார் ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸேறிச் செல்லும் நிலை அவருக்கு நேர்ந்தது. அவர் எழுதிய கடிதமொன்றின் பிரதி சென்ற ஆண்டு நம் பார்வைக்கு வந்தது. "சுகவீனங் காரணமாகப் பதவியை இராசினாமாச் செய்கிறேன். வைத்தியச் சான்றிதழை இணைத்துள்ளேன். எஞ்சிய விடுமுறையை ஒரு மாத அறிவித்தற் காலத்துக்கு ஈடுசெய்தருள்க" என்பதே அதன் சாரம்.

அடக்கமான கடிதந்தான். ஆயினும் அதிலுள்ள 'இராசினாமா' என்னும் ஒரு சொல் பதினான்கு ஆண்டு உழைப்பின் பயனையும் அழிக்க வல்லது என்பதை நாம் அவருக்கு எடுத்துக் கூறினோம். அரசாங்க சேவையில் இராசினாமாச் செய்தவர் ஓய்வூதிய உரித்தை இழக்கிறார். நோயே காரணமென்று எழுதினும், சான்றிதழை இணைப்பினும், இராசினாமா இராசினாமாவே. ஓய்வூதிய உரித்துள்ள நியமனம் பெற்றுப் பத்தாண்டு சேவையை நிறைவு செய்தவர் வேண்டத்தக்கது வேறு: வைத்திய காரணங்களின்மேல் இளைப்பாறுதல்.

அதற்குத் தனியொரு வைத்தியரின் சான்றிதழ் போதாது. திணைக்களத் தலைவரின் வேண்டுகோளின்படி வைத்திய சபை கூடிப் பரிசோதித்து, சேவைக்கு நிரந்தரமாகத் தகுதியற்றவரென அறிக்கையிடல் வேண்டும். குணமாகக்கூடிய நோயென்று சபை கருதினால் இளைப்பாறல் கிட்டாது. மீண்டும் கடமைக்குச் செல்ல நேரும். ஆகவே நோயின் பெயர், அது தொடங்கிய காலம், பெற்ற சிகிச்சை என்பனவற்றைக் காட்டும் ஆஸ்பத்திரிப் பத்திரங்கள் யாவும் சபைமுன் இருத்தல் நன்று. "ஓய்வு தேவை" என்ற ஒற்றை வரிச் சான்றிதழ் சில நாள் விடுமுறைக்கு உதவுமேயன்றி இதற்கு உதவாது.

இனி, விடுமுறைக் கணக்கு. ஆண்டொன்றுக்கு உரிய ஓய்வு விடுமுறை 24 நாள். முந்திய இரண்டாண்டுகளில் எடுக்காது விட்டதையும் நோய்க்காலத்திற் கேட்கலாம். நண்பருக்கு அவ்வாண்டில் 18 நாளும், முந்திய ஆண்டுகளில் முறையே 12, 10 நாள்களும் எஞ்சியிருந்தன. ஆக 40 நாள். வேலைநாள்களை மட்டும் எண்ணினால் ஏறத்தாழ எட்டு வாரம். அறிவித்தற் காலத்துக்கென அதனைச் செலவிடுவது நட்டம். சபை கூடும்வரை சம்பளத்துடன் காத்திருக்க அதுவே துணையாகும்.

நண்பர் கடிதத்தை மாற்றி எழுதினார். சான்றிதழ் அதேதான், விடுமுறையும் அதேதான். "இராசினாமா" நின்ற இடத்தில், "வைத்திய சபைமுன் என்னைத் தோற்றுவித்து, அதன் முடிவு வரும்வரை எஞ்சிய விடுமுறையை வழங்கியருள்க" என்ற வேண்டுகோள் நின்றது.

தனியார் தாபனங்களிற் பணிபுரியும் நம் பழைய மாணவர் இவ்விதியைத் தமக்குங் கொள்ளலாகாது. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டத்தின்படி, பதினைந்து பேருக்குக் குறையாத தாபனமொன்றில் ஐந்தாண்டு நிறைவு செய்தவர், இராசினாமாச் செய்யினும் பணிக்கொடைக்கு உரியவரே. எழுதுமுன் தம் நியமனக் கடிதத்தை ஒருமுறை வாசித்தறிதல் அனைவர்க்கும் நலம்.