தகரப்பெட்டியிலிருந்து திரைக்கு

இறம்பொடைக்கு அண்மையிலுள்ள தோட்டப் பாடசாலையொன்றில் நெடுங்காலம் தலைமையாசிரியராயிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவருக்குச் சென்ற ஆண்டு பாராட்டு விழா எடுத்தனர். அவருடைய சாதனைகளைப் பத்து நிமிடக் காணொளியாக்கும் பொறுப்பு நமக்கும் நம் மாணவர் இருவருக்கும் வந்து சேர்ந்தது. பெரியவர் ஒரு தகரப்பெட்டியைத் திறந்து, மஞ்சளேறிய பத்திரிகை நறுக்குகளையும் சான்றிதழ்களையும் எம் கையில் தந்தார்.

அசையாத காகிதத்தை அசைத்துக் காட்டுவது புதிய வித்தையன்று. 1957ஆம் ஆண்டிலேயே கனடாவில் 'சிட்டி ஒப் கோல்ட்' என்னும் ஆவணப்படத்தில் பழைய நிழற்படங்களின்மீது கமெராவை மெல்ல நகர்த்தி, ஒரு நகரத்தின் கதையைச் சொல்லியிருந்தார்கள். அதைத்தான் நாமும் செய்யப் புகுந்தோம்.

முதல் முயற்சி தோற்றது. எழுத்துகள் மங்கித் தெரிந்தன. பின்பக்கத்து அச்சும் நிழலாய் ஊடுருவியது. நறுக்கின் பத்தி இரண்டு அங்குல அகலம். அங்குலத்திற்கு 300 புள்ளிகளாக ஸ்கேன் செய்திருந்தமையால் கிடைத்தவை 600 புள்ளிகளே. திரையின் அகலமோ 1920. மும்மடங்குக்கு மேல் இழுத்தால் எழுத்து மங்காமல் என்ன செய்யும்? 1200 புள்ளிகளாக மீண்டும் ஸ்கேன் செய்தோம். 2400 கிடைத்தது, பத்தி திரையை நிறைத்தபோதும் எழுத்து தெளிவாக நின்றது. நறுக்கின் பின்னே கறுப்புத் தாளொன்றை வைத்ததும் பின்பக்க அச்சும் மறைந்தது.

அடுத்தது வேகம். மாணவர்கள் நறுக்குகளைச் சுழற்றிப் பறக்கவிட்டிருந்தனர். பார்ப்பதற்கு விறுவிறுப்புத்தான், ஆனால் ஒரு வரியேனும் வாசிக்க இயலவில்லை. ஆகவே, முழு நறுக்கையும் மூன்று விநாடி காட்டுவது, நான்கு விநாடியில் மெல்ல நெருங்குவது, வேண்டிய வரியில் ஐந்து விநாடி நிற்பது என்று வகுத்துக்கொண்டோம். நின்ற வரியை வாய்விட்டு ஆறுதலாக வாசித்துப் பார்ப்போம். முடிக்குமுன் காட்சி மாறினால் நேரம் போதாது என்று பொருள். சான்றிதழ்களை நெருங்கவேயில்லை. முத்திரையும் கையொப்பமும் விளிம்பில் வெட்டுண்டால் அது வெறும் அலங்காரத் தாளாகிவிடும்.

விழாவுக்கு முன்தினம் பெரியவருக்குப் போட்டுக் காட்டினோம். நாடகப் போட்டியில் பாடசாலை முதலிடம் பெற்ற செய்தியில், அவர் பெயருள்ள வரிக்கு மஞ்சள் தீட்டி, அங்கேயே காட்சியை முடித்திருந்தோம்.

"தம்பி, இதற்குக் கீழே நான்கு பிள்ளைகளின் பெயர் இருக்குமே, எங்கே?" என்றார்.

நறுக்கை எடுத்துப் பார்த்தோம். பெயர்கள் இருந்தன. நம் சட்டகத்திற்கு வெளியே அவை விழுந்துவிட்டன. நாம் பொய்யெதுவும் எழுதவில்லை. ஆயினும் ஒரு வரியைப் பெரிதாக்கியபோது மற்றவற்றை அழித்திருந்தோம்.

அன்றிரவே கமெராவை இன்னும் நான்கு வரி கீழே இறக்கினோம். அதற்கு மேலும் எட்டு விநாடி பிடித்தது. மறுநாள் சபையின் பின்வரிசையில், கொழுந்து பறித்துவிட்டு நேரே வந்திருந்த பெண்ணொருத்தி தன் பெயரைத் திரையில் வாசித்து, பக்கத்திலிருந்த மகளின் தோளைத் தொட்டாள்.