காஹூட்: அறிவா, வேகமா?

பட்டப்பின் கல்வி டிப்ளோமா ஒப்படைக்காக நாங்கள் காஹூட் பற்றி விமர்சனக் கட்டுரை எழுதினோம். "பிள்ளைகளுக்கு விருப்பம்" என்பது மதிப்பீடாகாது. அது எதை அளக்கிறது என்று பார்த்தோம்.

ஒரு வினாவுக்கு 20 செக்கன், உச்சப் புள்ளி 1000. சரியான விடையை 2 செக்கனில் தொட்டால் 950, 18 செக்கனில் தொட்டால் 550. ஐந்து வினாக்களில் மூன்றை மட்டும் சட்டென்று சரியாகச் செய்த பிள்ளைக்கு 2850. ஐந்தையும் ஆறுதலாக வாசித்துச் சரியாகச் செய்த பிள்ளைக்கு 2750தான்!

நேரத்தை 60 செக்கனாக்கினால் இரண்டாம் பிள்ளை 4250 பெற்று முந்திவிடும்.

எங்கள் முடிவு: மீட்டலுக்கு நல்லது. கணிப்பீட்டுக்கோ புள்ளிப் பலகையை விட்டு, அறிக்கையிலுள்ள சரியான விடைகளின் எண்ணிக்கையையே எடுக்க வேண்டும். உங்கள் வகுப்பில் எதைப் பதிகிறீர்கள், ஆசிரியர்களே?