பெயரெழுத்தில் ஒரு பிறந்தநாள் வாழ்த்து

நண்பரின் பெயரை எழுத்தெழுத்தாகப் பிரித்து, ஒவ்வோர் எழுத்தையும் ஒவ்வோர் அடியின் முதலில் நிறுத்தி வாழ்த்துப்பா எழுதும் வழக்கம் நம் இல்லங்களில் பெருகி வருகிறது. பிறந்தநாள், மணிவிழா, பெயர்கொண்ட புனிதரின் திருநாள் என்று எந்த விழாவானாலும், கண்ணாடிச் சட்டமிட்ட ஒரு வாழ்த்துமடல் மேடைக்கு வந்துவிடுகிறது. இடப்புறத்தில் பெயர் சிவப்பு மையில் மேலிருந்து கீழாக இறங்கும். பார்ப்பதற்கு அழகுதான். படித்துக் கேட்கும்போதுதான் பலவற்றில் உயிரில்லை என்பது தெரிகிறது. அது ஏன், உயிரோடு எழுதுவது எப்படி என்பதை, எங்கள் ஊரில் எழுதிய ஒரு வாழ்த்தைக் கொண்டே சொல்ல விழைகிறேன்.

பெயரைப் பிரித்துப் பொருள் காண்பது இம்மண்ணுக்குப் புதிதன்று. எங்கள் பெண்ணாடத்தின் பழம்பெயர் பெண்ணாகடம். தேவமகளிரும், காமதேனுவும், யானையும் வழிபட்ட தலமாதலால் பெண், ஆ, கடம் என்னும் மூன்றும் கூடி இப்பெயர் ஆயிற்று என்று இவ்வூர்த் தலவரலாறு கூறும். ஆனால் எழுத்து வரிசையில் பாட்டை நடத்திச் செல்லும் கலையை முழுமையாகக் காண வேண்டுமானால், நாம் அடிக்கடி கேட்கும் திருவிவிலியப் பகுதி ஒன்றையே எடுத்துக்கொள்ளலாம்.

நீதிமொழிகள் நூலின் 31-ஆம் அதிகாரத்தில், 10 முதல் 31 வரையுள்ள வசனங்கள் நல்ல மனையாளைப் பற்றியவை. அவை 22 வசனங்கள். எபிரேய மொழியின் எழுத்துகளும் 22. ஒவ்வொரு வசனமும் அடுத்தடுத்த எழுத்தில் தொடங்குகிறது. இதைத் தமிழில் வாசிக்கும்போது அந்த எழுத்து வரிசை நமக்குத் தெரிவதேயில்லை. ஆயினும் பகுதி சிறிதும் குன்றவில்லை. காரணம் என்ன? அதில் வெறும் புகழ்ச்சி குறைவு, செயல்கள் மிகுதி. அப்பெண் ஆட்டுமயிரும் சணலும் தேடுகிறாள், நிலத்தைப் பார்த்து விலைக்கு வாங்குகிறாள், கொடிமுந்திரி நடுகிறாள், இரவிலும் அவள் விளக்கு அணைவதில்லை. எழுத்து வரிசையை எடுத்துவிட்டாலும் அந்தப் பெண் நம் கண்முன் நிற்கிறாள். பெயரெழுத்துப் பாட்டுக்கு இதுவே உரைகல்: எழுத்துகளை மறைத்துவிட்டால் மிஞ்சுவது என்ன?

இனி எங்கள் ஊர்ச் செய்திக்கு வருகிறேன். என் நண்பர் சவரிமுத்து கரும்பு விவசாயி. கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பவரும் அவரே. அதிகம் பேசாதவர், தம்மைப் பிறர் புகழ்ந்தால் தலையைக் கவிழ்த்துக்கொண்டு எழுந்து போய்விடுவார். அவருக்கு அறுபது நிறைந்தபோது, பிள்ளைகள் ஒரு தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்கள். அவர்கள் பழக்கத்திலுள்ள இளைஞர் ஒருவர் எழுதிக் கொடுத்தது. 'சந்தனமே' என்று ஓர் அடி, 'வசந்தமே' என்று அடுத்தது, பிறகு 'ரீங்காரமே', 'முழுநிலவே' என்று விளிகளாகவே இறங்கிற்று. "சாமி, அப்பா கேட்டால் எழுந்து போய்விடுவார். மாற்றித் தாருங்கள்" என்றார் மூத்த மகள். அவர் அஞ்சியது சரியே. அந்த மடலைச் சவரிமுத்து என்னும் பெயருள்ள எவருக்கும் கொடுக்கலாம். அதில் இந்தச் சவரிமுத்து இல்லை.

குறை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், எழுதியவர் எழுத்திலிருந்து தொடங்கியிருக்கிறார். 'வ' என்றதும் அகராதியில் அழகான சொல் எது என்று தேடினார், 'வசந்தம்' கிடைத்தது. எழுத்துக்காகச் சொல், சொல்லுக்காகப் பொருள் என்று தலைகீழாகப் போயிற்று. நான் தாளை ஒதுக்கி வைத்துவிட்டு, அவரைப் பற்றி உண்மையாகச் சொல்லக்கூடியவற்றை முதலில் உரைநடையில் எழுதச் சொன்னேன். பிள்ளைகள் சொன்னவையும் நான் அறிந்தவையுமாக நான்கு செய்திகள் தேறின. விடியுமுன் யாரையும் எழுப்பாமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு போவார். கரும்பு வெட்டு நாள்களில் தாமும் வயலில் இறங்கி வெட்டுவார். மாலையில் கைகால் கழுவிக்கொண்டு பாடற்பயிற்சிக்குத் தவறாமல் வந்துவிடுவார். என் தாயார் இறந்த இரவில் விடியும்வரை என் பக்கத்தில் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். இந்த நான்கும்தான் பாட்டின் பொருள். எழுத்து அதன் பின்னே வரவேண்டும்.

இங்கே தமிழ் நமக்குப் பெரிய உதவி செய்கிறது. நம் மொழியில் சொற்கள் வேற்றுமை உருபுகளைத் தம்மோடு சுமந்து செல்வதால், வாக்கியத்தின் எந்தச் சொல்லையும் முன்னே கொண்டுவரலாம், பொருள் கெடாது. ஆகவே 'வ'வில் தொடங்கும் புதுச்சொல்லைத் தேடி அலைய வேண்டியதில்லை. நாம் எழுதிய உரைநடையிலேயே அவ்வெழுத்தில் தொடங்கும் சொல் இருக்கிறதா என்று பார்த்து, அதை அடியின் தலைப்புக்கு நகர்த்தினால் போதும். 'வயலில்' என்ற சொல் அங்கேயே காத்திருந்தது. 'ச'வுக்கு, ஒருவரையும் எழுப்பாமல் போவார் என்பதையே 'சத்தமின்றி' என்று சுருக்கினோம்.

மூன்றாம் எழுத்தாகிய 'ரி'யில்தான் பலரும் இடறுகிறார்கள். தமிழில் எல்லா எழுத்தும் சொல்லுக்கு முதலில் வாரா. மெய்கள் 18-இல் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்னும் எட்டின் வரிசைகள் மொழிக்கு முதலாகா என்பது நன்னூலில் காணும் முறை. புள்ளி பெற்ற தனிமெய் எதுவும் முதலில் நிற்காது. நம் பெயர்களிலோ இந்த எழுத்துகள் நிறைந்துள்ளன. அந்தோணியில் 'ணி', ஆரோக்கியத்தில் 'ரோ', செபமாலையில் 'லை' என்று எங்கும் உண்டு. 'ரி' வந்ததும் ஒலிக்குறிப்புச் சொல்லையோ வேற்றுமொழிச் சொல்லையோ பிடித்து இழுத்து வருகிறார்கள். அந்த ஓரடியில் கேட்பவர் காது இடறிவிடுகிறது. எழுத்துக்காக எழுதப்பட்ட அடி இதுதான் என்று அப்போதே தெரிந்துவிடுகிறது.

இதற்கு வழியும் நம் மரபிலேயே இருக்கிறது. தமிழ்ச் செய்யுளில் முதலெழுத்து ஒன்றி வருவது மோனை. இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை. ஆகவே அடியின் இரண்டாம் எழுத்தையும் கூர்ந்து கேட்கப் பழகியது தமிழ்க்காது. முதலில் நிற்க இயலாத எட்டு மெய்களும் இரண்டாம் இடத்தில் தாராளமாக நிற்கும். எனவே அத்தகைய எழுத்து வரும்போது அதை அடியின் இரண்டாம் எழுத்தாக அமைத்து, அதற்குச் சிவப்பு மை இட்டால் போதும். 'ரி' இரண்டாவதாக வரும் சொல் எது என்று எண்ணியபோது 'அரிவாள்' கிடைத்தது. கரும்பு வெட்டுகிறவர் கையில் அது இருப்பது இயல்புதானே! எழுத்தும் பொருளும் அங்கே ஒன்றாகிவிட்டன.

கடைசியில் வரும் 'த்து' இன்னும் சற்றுக் கடினம். புள்ளியெழுத்தைத் தனியடியாக்க முயலாமல் அடுத்த எழுத்தோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். 'பத்து', 'முத்து', 'கொத்து' போன்ற சொற்களில் அவ்விரண்டும் இயல்பாகச் சேர்ந்து நிற்கின்றன. அந்த இரவில் அவர் பத்து வார்த்தை கூடப் பேசவில்லை என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன், அதுவே அடியாயிற்று. முடிவில் அமைந்த பாட்டு இது:

சத்தமின்றி விடியுமுன்னே சைக்கிளிலே கிளம்பிடுவீர்;
வயலிலே கரும்புவெட்டி வந்தபின்னர் மாலையிலே
அரிவாளைக் கழுவிவைத்து ஆர்மோனியம் தொட்டிடுவீர்;
முன்னிரவும் பின்னிரவும் முற்றத்தில் அமர்ந்திருந்தீர்;
பத்துச்சொல் பேசவில்லை, பாதித்துயர் போனதையா!

அறுபதும் நிறைந்தவரே, ஆண்டுபல வாழ்க, வாழ்க!

இதில் சில செய்திகளைக் கவனிக்கலாம். இரண்டாம் அடியில் வாக்கியம் முடியவில்லை. மூன்றாம் அடிக்குள் ஓடிச் சென்று அங்கே முடிகிறது. ஒவ்வோர் அடியிலும் வாக்கியத்தை முடித்துக்கொண்டே போனால் பாட்டு கடைச்சாமான் பட்டியல்போல் ஒலிக்கும். அடுத்து, ஒவ்வோர் அடியிலும் முதற்சீரும் மூன்றாம் சீரும் மோனையால் இணைகின்றன: சத்தமின்றி, சைக்கிளிலே, அரிவாளை, ஆர்மோனியம். அடிக்குள்ளே இந்த ஓசை இருப்பதால், பெயரெழுத்து தனித்துத் துருத்தி நிற்காமல் அதனோடு கலந்துவிடுகிறது. 'வாழ்க' என்னும் வாழ்த்தைப் பெயருக்கு வெளியே தனியடியாக வைத்தோம். அதனால், எந்த எழுத்திலாவது வாழ்த்தைத் திணிக்க வேண்டிய நெருக்கடி நீங்கிற்று. நான்காம் அடியில் அது எந்த இரவு என்று சொல்லவில்லை. விழாநாளில் இறப்பின் பேச்சு வேண்டாம். அவருக்குத் தெரியும், அது போதும்.

இம்முறைக்கு எல்லையும் உண்டு. தமிழ்ச்சொற்களில் ஏ, ஓ ஏறிய எழுத்துகள் இரண்டாம் இடத்தில் அரிதாகவே வரும். அப்போது 'பத்து'வைப்போலப் புள்ளியெழுத்துக்கு அடுத்த இடத்தைத் தேடலாம். 'லோ' வேண்டுமானால் 'எல்லோரும்' உண்டு. நம் முன்னோர் இராயப்பர், உரோமை என்று முன்னே ஓர் உயிரெழுத்தைச் சேர்த்து எழுதினார்கள். ராயப்பன் என்பவருக்கு 'இ'யில் தொடங்கி எழுதுவதும் முறையே. ஆனால் அவர் தம் கையெழுத்தை எப்படிப் போடுகிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். தம் பெயர் வேறாக எழுதப்படுவதைச் சிலர் விரும்புவதில்லை. எட்டு எழுத்துக்கு மேற்பட்ட பெயரானால் வீட்டில் அழைக்கும் பெயரை எடுத்துக்கொள்வது நலம். அடிகள் மிகுந்தால் சொல்ல வேண்டிய உண்மைகள் தீர்ந்துபோய், புகழ்மொழிகள் தாமாக உள்ளே நுழைந்துவிடும்.

எவ்வளவு முயன்றும் ஓர் எழுத்து இணங்காவிட்டால் அதை விட்டுவிடுவதால் குற்றமில்லை. திருப்பாடல் 34 எபிரேய எழுத்து வரிசையில் செல்வது. ஆனால் அதில் ஆறாவது எழுத்தாகிய 'வாவ்'வுக்குரிய அடி இல்லை. அதனால் அப்பாடலின் பெருமை குறைந்ததென்று யாரும் சொன்னதில்லை.

எழுதி முடித்தபின், பெயரெழுத்துகளைச் சுட்டாமல் பாட்டை மட்டும் ஒருவருக்குப் படித்துக் காட்டுங்கள். எங்கேனும் அவர் புருவம் உயர்ந்தால், அந்த அடியே எழுத்துக்கு அடிமையான அடி. பின்னர், அதே பெயருள்ள வேறொருவருக்கு இப்பாட்டு பொருந்துமா என்று கேட்டுப் பாருங்கள். பொருந்துமானால் இன்னும் அதில் உங்கள் நண்பர் வந்து சேரவில்லை என்று பொருள்.

விழாவன்று மூத்த மகள் மடலைப் படித்தார். சவரிமுத்து எழுந்து போகவில்லை. நான்காம் அடி வந்தபோது என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். மடல் கைக்கு வந்தபின், சிவப்பு எழுத்துகளை மேலிருந்து கீழாகக் கூட்டிப் படித்து, "தாத்தா, இதில் உங்கள் பெயர் இருக்கிறது!" என்று அவருக்குக் காட்டியது பேத்திதான்.