சன்னியும் மறதியும்

தமிழில் 'சன்னி' என்றொரு பழஞ்சொல் உண்டு. கடுங்காய்ச்சலில் நோயாளி பிதற்றத் தொடங்கினால் 'சன்னி கண்டுவிட்டது' என்று நம் வீட்டு முதியோர் கூறுவர். உடல்நோயின் வேகத்தால் அறிவு கலங்கியிருக்கிறது, நோய் தணிந்தால் தெளியும் என்னும் புரிதல் அச்சொல்லுக்குள் இருந்தது. இக்கலக்கத்தையே இன்றைய மருத்துவம் டெலிரியம் என்கிறது. ஆண்டுக்கணக்கில் மெல்ல வளரும் டிமென்சியா என்னும் மறதி நோய் இதனின் வேறானது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதும் பிழையை, என் தந்தையின் படுக்கையருகே நானே செய்தேன்.

2018ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில், சுபுஹுத் தொழுகைக்கு ஒளுச் செய்யச் சென்ற வாப்பா வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அப்போது அவருக்கு அகவை எழுபத்தாறு. செவ்வாயன்று அறுவை நடந்தது. புதனன்று உடலெங்கும் அரிப்பெடுக்கவே, ஒவ்வாமைக்கான ஊசி போட்டனர். வியாழன் காலை சிறுநீர்க் குழாயை எடுத்துவிட்டு, அன்றிரவும் அதே ஊசியைப் போட்டனர்.

அந்த இரவில்தான் வாப்பா மாறிப்போனார். முப்பதாண்டுகள் கொழும்பில் துணிக்கடை நடத்தியவர் அவர். படுக்கை விரிப்பைப் பற்றிப் பற்றி மடித்தார். செவிலியரைக் கண்டு, "துணிக்கட்டை எல்லாம் தூக்கிட்டுப் போறானுவ, பிடிங்க!" என்று கூவினார். என்னை யாரென்று வினவினார். வெள்ளி காலையிலோ தெளிந்து, தேநீர் அருந்தி, பேரப்பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். நாங்கள் ஆறுதலடைந்தோம். பொழுது சாய்ந்ததும் மீண்டும் அதே நிலை. ஊசிக்குழாயைப் பிடுங்கி எறிந்ததால் இரவில் கைகளைத் துணியால் கட்டினார்கள். அவர் இன்னும் மூர்க்கமானார்.

"பெரியும்மாவுக்கு வந்தது வாப்பாவுக்கும் வந்துவிட்டது. இனி அவரைத் தனியே விடமுடியாது. கடைக் கணக்கையும் பத்திரங்களையும் நாம் வாங்கிக்கொள்வதே நல்லது" என்றார் என் மூத்த சகோதரரான காக்கா. நான் மறுக்கவில்லை. கட்டிய கைகளோடு அவர் படுத்திருக்க, அவருடைய அறிவு முடிந்துவிட்டதாக நாங்கள் தீர்ப்பெழுதிக்கொண்டிருந்தோம்.

சனிக்கிழமை காலை, முதியோர் மருத்துவம் பயின்ற இளம் மருத்துவர் ஒருவர் வந்தார். நோயாளியைத் தொடுமுன் எங்களிடம், "இது எப்போது தொடங்கியது?" என்று வினவினார்.

"வயதாகிவிட்டது, டாக்டர்" என்றேன்.

"வயது வியாழக்கிழமை இரவா வந்தது?" என்றார் அவர்.

அந்த ஒரு கேள்வியில் பாதி உண்மை விளங்கிற்று. புதன் வரை கடைக்குத் தரவேண்டிய பாக்கியைப் பைசா பிசகாமல் சொன்னவர் வாப்பா. மறதி நோய் ஒரே இரவில் வருவதில்லை. பெரியும்மாவுக்கு அது வந்து சேர நான்காண்டுகள் ஆயின. முதலில் சாவியை மறந்தார்; பிறகு சமையலில் உப்பை மறந்தார்; பிறகு மக்களின் பெயர்களை மறந்தார். எந்த நாளில் தொடங்கிற்று என்று எங்களில் ஒருவராலும் கூற இயலவில்லை. நோயாளியின் பழைய நிலையை மருத்துவர் அறியார். அதனை அறிந்தவர் குடும்பத்தாரே. ஆகவே அந்தத் தேதியைச் சொல்லவேண்டிய கடமை நம்முடையது.

அடுத்து அவர் வாப்பாவிடம், "சனியிலிருந்து பின்னோக்கிக் கிழமைகளைச் சொல்லுங்கள்" என்றார். "சனி, வெள்ளி... வெள்ளி ஜும்ஆவுக்குக் கடையைப் பூட்டணும், சாவி எங்கே?" என்று வாப்பாவின் பேச்சு திசைமாறியது. மீண்டும் தொடங்கினார், மீண்டும் சிதறினார். "இங்கே முதலில் உடைந்திருப்பது நினைவன்று, கவனம்" என்றார் மருத்துவர். பெரியும்மாவோ நோயின் இடைக்காலத்திலும் எதிரே அமர்ந்து, நம் முகம் பார்த்து, கேட்டதற்கு விடை சொல்வார். அரைமணி கழித்து நாம் வந்ததையே மறந்திருப்பார். மறதி நோய் முற்றிய நிலையில் கவனமும் குலையும் என்பது உண்மையே. ஆயினும் திடீர்த் தொடக்கமும், காலையில் தெளிந்து மாலையில் கலங்கும் ஏற்ற இறக்கமும், கவனச் சிதைவும் ஒருங்கே காணப்படின் முதலில் டெலிரியம் என்றே கொள்ளவேண்டும். ஷாரன் இனோயே என்னும் அமெரிக்க மருத்துவரும் அவர்தம் குழுவினரும் 1990இல் வெளியிட்ட சோதனை முறை இவற்றையே அடிப்படையாகக் கொண்டது. இவற்றோடு, தொடர்பற்ற பேச்சு, விழிப்புநிலையில் மாற்றம் ஆகிய இரண்டில் ஒன்றேனும் இருத்தல் வேண்டும் என்பது அதன் விதி.

டெலிரியம் என்று முடிவு செய்வதோடு வேலை முடிவதில்லை. அதற்கொரு காரணத்தைத் தேடவேண்டும். மருத்துவர் போர்வையை விலக்கி, தொப்புளுக்குக் கீழே விரலால் தட்டிப் பார்த்தார். வயிறு புடைத்திருந்தது. விரிப்பு அவ்வப்போது நனைந்ததால், சிறுநீர் பிரிகிறதென்றே அனைவரும் எண்ணியிருந்தோம். அது நிரம்பி வழிந்த நீர். குழாய் செலுத்தியதும் ஏறத்தாழ 900 மில்லி வெளியேறிற்று. அரிப்புக்குப் போட்ட அந்தப் பழைய வகை ஊசி முதியோரின் மூளையையும் கலக்கும், சிறுநீரையும் தடுக்கும் என்று விளக்கி அதனை நிறுத்தினார். கைக்கட்டுகளை அவிழ்க்கச் செய்தார். வீட்டில் கிடந்த மூக்குக்கண்ணாடியையும் காதுக்கருவியையும் கொண்டுவரச் சொன்னார். இரவில் விளக்கைத் தணித்து உறங்கவிடவும், பகலில் வீட்டார் ஒருவர் அருகிருந்து நாளும் இடமும் சொல்லவும் பணித்தார். குழாயே மீண்டும் கலக்கத்துக்குக் காரணமாகலாம் என்பதால், இரண்டு நாளில் அதனையும் எடுத்துவிட்டார்.

எதிர்ப்படுக்கையில் ஒரு பெரியவர் இருந்தார். தொந்தரவே தராதவர் என்று எல்லாராலும் புகழப்பட்டவர். மருத்துவர் அவரிடமும் கிழமைகளைக் கேட்டார். இரண்டு கிழமை சொல்லுமுன் அவர் கண்கள் செருகின. இரத்தத்தைச் சோதித்ததில் சோடியம் மிகக் குறைந்திருந்தது. கூச்சலிடும் டெலிரியம் யாருடைய கண்ணிலும் படும். அமைதியான டெலிரியத்தையோ அசதி என்று விட்டுவிடுகிறோம். அந்த இரண்டாவது வகையே எளிதில் தப்பிவிடுவது என்று அன்று அறிந்தேன்.

வாப்பா உடனே தெளிந்துவிடவில்லை. அடுத்த இரண்டு இரவுகளும் கலங்கினார். பிறகு கலக்கம் சுருங்கிச் சுருங்கி, பத்தாம் நாளில் நீங்கியது. சிலருக்கு வாரக்கணக்கில் நீள்வதும் உண்டாம். மறதி நோய் உண்டா என்பதை மருத்துவமனைப் படுக்கையில் முடிவு செய்யலாகாது என்று கூறி, மூன்று மாதம் கழித்து வரச்செய்து மருத்துவர் மீண்டும் சோதித்தார். வயதுக்குரிய சிறு மறதியன்றி வேறில்லை. எனினும், டெலிரியம் கண்டவர்க்குப் பின்னாளில் மறதி நோய் வரும் வாய்ப்புக் கூடுதல் என்றும், முன்பே மறதி உள்ளவர்க்கு டெலிரியம் எளிதில் வரும் என்றும் எச்சரித்தார். ஆகவே பெரியும்மா போன்றோர் ஒருநாள் திடீரென மேலும் குழம்பினால், 'அது பழைய நோய்தானே' என்று இருந்துவிடலாகாது.

வீடு திரும்பிய வாரத்தில் வாப்பா காக்காவை அழைத்துக் கடைக் கணக்கைக் கேட்டார். ஒரு பக்கத்தில் கூட்டல் தவறியிருந்தது. அதைச் சுட்டியவர் அவரே. காக்காவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு தலைகுனிந்தோம்.