கட்டைவிரல் எட்டும் தூரம்

சென்ற மாதம் விழுப்புரத்தில் நடந்த ஒரு கூட்டத்தில், நான் வரைந்து வைத்திருந்த திரைகளைப் புரட்டிப் பார்த்த ஒரு நிர்வாகி, "பட்டனை மேலே வைத்தால் என்ன, கீழே வைத்தால் என்ன, இதற்கென்று தனியாக ஒருவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டுமா?" என்று கேட்டார். பக்கத்திலிருந்த இளைஞர் ஒருவர் எனக்கு ஆதரவாகப் பேசுவதாக எண்ணிக்கொண்டு, "அது இப்போது ரொம்ப சுலபம் சார், எல்லாவற்றையும் கீழே கொண்டுவந்துவிட்டால் தீர்ந்தது" என்றார். முதல் பேச்சு எனக்குப் பழகிப்போனது. இரண்டாவது பேச்சுத்தான் மனத்தில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. சில வாரங்களில் ஓய்வு பெறப் போகிறவன், இத்தனை வருஷம் செய்த காரியத்தை அதே காரியத்தைச் செய்யப் போகிறவர்கள் இப்படி ஒரு வாக்கியத்தில் முடித்துவிடுவதைக் கேட்டுக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது?

இந்தத் தொழிலை நான் கம்ப்யூட்டரில் கற்கவில்லை. 1984-ஆம் வருஷம், பதினெட்டு வயதில், திண்டிவனத்தில் ஓர் அச்சகத்தில் கம்பாசிட்டர் வேலைக்குச் சேர்ந்தபோது, அங்கே போர்மனாக இருந்த பெரியவரிடம் கற்றேன். கம்பாசிங் ஸ்டிக்கை இடது கையில் ஏந்தி, கடைசியாக வைத்த ஈயத்தை இடது கட்டைவிரலால் சாயாமல் தாங்கிக்கொண்டு, வலது கையால் கேஸிலிருந்து எழுத்தை எடுக்க வேண்டும். அந்த மரக்கேஸின் அறைகள் அகரவரிசையில் இரா என்பதுதான் புதிதாக வருகிறவனுக்கு முதல் அதிர்ச்சி. வரிக்கு நான்கு தடவை தேவைப்படும் துணைக்கால், ஒற்றைக்கொம்பு, ககரம், தகரம் எல்லாம் கைக்கு அடியில் இருக்கும். மாதத்துக்கு ஒருமுறை வரும் எழுத்துக்கள் மேல் மூலைகளுக்குப் போய்விடும். கண்ணுக்கு நேரே தெரியும் அறைதான் சௌகரியமான அறை என்று நினைத்து நான் ஒருநாள் இரண்டு எழுத்துக்களை இடம் மாற்றி வைத்தேன். அவர் கோபிக்கவில்லை, மாலைவரை அப்படியே கோக்கவிட்டு, தோள் வலிக்கிறது என்று நானாகச் சொன்ன பிறகு, "கண்ணுக்கு எதிரே இருக்கிறது வேறேடா, கைக்கு எதிரே இருக்கிறது வேறே" என்று மட்டும் சொன்னார். பிழை திருத்தும்போதுகூட, தவறாக விழுந்த எழுத்து எது என்று பார்ப்பதோடு நில்லாமல், கேஸில் அதற்குப் பக்கத்து அறை எது என்று கேட்பார். கை எங்கே போக எண்ணி எங்கே நின்றுவிட்டது என்பதைப் பிழையிலிருந்தே சொல்லிவிடுவார். ஈய எழுத்துக்கள் போய், டி.டி.பி. வந்து, இணையம் வந்து, கடைசியில் நான் கைப்பேசித் திரைகளுக்கு வந்து சேர்ந்தபோதும், அந்தப் பக்கத்து அறைக் கேள்வியைத் தவிர வேறு ஆயுதம் எனக்குத் தேவைப்படவில்லை.

எல்லாவற்றையும் கீழே இறக்கும் இந்த வைத்தியம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். 2013-இல் ஸ்டீவன் ஹூபர் என்பவர், தெருவிலும் ரயிலிலும் மனிதர்கள் போனைப் பிடித்திருந்த விதத்தை 1,333 தடவை நேரில் கண்டு குறித்து, அவற்றுள் திரையைத் தொட்டுக்கொண்டிருந்தவர்களில் 49 சதவீதம் ஒற்றைக் கைப் பிடிப்பு என்று வெளியிட்டார். அதையொட்டி, கட்டைவிரலுக்கு எட்டும் இடம் பச்சை, எட்டாத இடம் சிவப்பு என்று வண்ணம் பூசிய படங்கள் உலகெங்கும் பரவின. ஹூபரே, மக்கள் ஒரே பிடியில் நிற்பதில்லை, நொடிக்கு நொடி மாற்றிக்கொள்கிறார்கள் என்று சொல்லியிருந்தும், படத்தை எடுத்துக்கொண்டவர்கள் அதைப் படிக்கவில்லை. சிறிய திரைக்கு வரைந்த படத்தைப் பெரிய திரையின் அளவுக்கு இழுத்து ஒட்டிவிடுகிறார்கள். 2007-இல் வந்த முதல் ஐபோனின் திரை உயரம் சுமார் 74 மில்லிமீட்டர். இன்று சந்தைக்கு வரும் 6.7 அங்குலத் திரை ஏறத்தாழ 155. படத்தை இரட்டிப்பாக இழுக்கிறபோது, அதிலுள்ள பச்சை நிறமும் இரட்டிப்பாகிறது. பிடித்திருக்கிறவனின் எலும்பு அப்படியேதான் இருக்கிறது.

இரண்டு வருஷங்களுக்கு முன், மல்லாட்டை வியாபாரி ஒருவருக்காக ஒரு செயலி செய்யும் வேலை எங்களிடம் வந்தது. திண்டிவனம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் அவருடைய கணக்குப்பிள்ளை குவியல் குவியலாக நடந்து, லாட் எண்ணையும் தாம் மதித்த விலையையும் குறித்துக்கொண்டே போக வேண்டும். மறைமுக ஏலமாதலால் பக்கத்திலிருப்பவர் பார்க்கக் கூடாது, நேரமும் குறைவு. எங்கள் அலுவலகத்தில் தயாரான முதல் வடிவம், அந்த இழுத்த படத்தை நம்பி, "சேமி" என்ற பட்டனை வலது கீழ்மூலையில் வட்டமாக வைத்திருந்தது. ஒரு வாரத்தில் அந்தக் கணக்குப்பிள்ளை பழைய நோட்டுப் புத்தகத்துக்கே திரும்பிவிட்டார்.

நான் போய் ஒரு முற்பகல் முழுவதும் அவர் பின்னாலேயே நடந்தேன். அவர் வலது கையைக் குவியலுக்குள் விட்டு, ஒரு பிடி காய் எடுத்து, விரல்களாலேயே உடைத்து, பருப்பைத் தேய்த்து, ஊதித் தோலைப் பறக்கவிட்டு, உள்ளங்கையில் வைத்து நிறம் பார்க்கிறார். அந்தக் கையில் பருப்பு இருக்கிறவரை அது வேறெதற்கும் உதவாது. ஆகவே போன் இடது கையில். வலது கையால் சாப்பிட்டு, வலது கையால் காசு கொடுத்து வாங்கும் நம்மவர்களுக்கு, போன் இடது கைக்குப் போகும் சந்தர்ப்பம் நாளைக்குப் பத்து உண்டு. எங்கள் முதல் வடிவம் அதை நினைக்கவேயில்லை. வலது கீழ்மூலைப் பட்டனைத் தொட அவர் இடது கட்டைவிரலைத் திரையின் குறுக்கே நீட்டும்போதெல்லாம், அடியில் போனைத் தாங்கிய சுண்டுவிரல் வெளுத்து, போன் உள்ளங்கையிலிருந்து விலகிச் சாய்ந்தது. விரல் பட்டனை எட்டாமல் சற்றுக் கீழே விழுந்தது. அங்கே அவருடைய விலை குறைந்த போனின் மூன்று சிஸ்டம் பட்டன்கள் வரிசையாக நின்றன. "சேமி" என்று தொட்டவருக்கு முகப்புத் திரை வந்தது. எழுதிய விலை போயிற்று. பக்கத்து அறை எது என்ற போர்மனின் கேள்விக்கு விடை கண்முன்னே இருந்தது.

மறுநாள் பழைய அச்சு மையும், போன் திரையின் அளவுக்கு வெட்டிய தாள்களும் எடுத்துக்கொண்டு போனேன். தாளைத் திரைமேல் ஒட்டி, கட்டைவிரலில் மை தொட்டு, பிடியை மாற்றாமல் எட்டுகிற மட்டும் வீசித் தேய்க்கச் சொன்னால், அவரவர் விரலின் வளைவு தாளில் விழுந்துவிடும். அங்கிருந்த வியாபாரிகள், எடை போடுகிறவர்கள், திண்டிவனம்–விழுப்புரம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தவர்கள் என்று சில வாரங்களில் முப்பத்தேழு தாள்கள் சேர்ந்தன. மேல் மூன்றில் ஒரு பங்கில் அநேகமாக எந்தத் தாளிலும் மை இல்லை. இதை யாரும் ஊகிக்கலாம். ஊகிக்க முடியாத விஷயம், கீழ்க்கோடியிலும் மை மெலிந்திருந்ததுதான். கட்டைவிரல் நகத்தின் அருகிலிருந்து அசைவதன்று, மணிக்கட்டை ஒட்டிய அடிமூட்டிலிருந்து விசிறிபோல் வீசுவது. பிடித்திருக்கிற கையின் பக்கத்துக் கீழ்மூலையைத் தொட வேண்டுமானால் அது தன்னையே மடித்துக்கொள்ள வேண்டும். மை கருத்துப் படிந்திருந்தது நடுவுக்குச் சற்றுக் கீழே, சாய்ந்த ஒரு பட்டையாக. "எல்லாம் கீழே" என்கிறவர்கள் மேல்மூலையின் சிரமத்தைக் கீழ்மூலைக்கு இறக்குமதி செய்கிறார்கள், அவ்வளவே.

திரையை முழுதும் மாற்றினோம். லாட் எண்ணும் விலையும் கண்ணுக்கான விஷயங்கள்; அவை பெரிய எழுத்தில் மேலே போயின. சாம்சங் 2018-இல் அறிவித்த ஒன் யு.ஐ. பார்ப்பதற்கு மேல்பாதி, தொடுவதற்குக் கீழ்பாதி என்று பிரித்ததும் இந்த நியாயத்தில்தான். எண் பலகைதான் பெரிய தொல்லை கொடுத்தது. திரையின் முழு அகலம் சுமார் 70 மில்லிமீட்டர். அதில் விரித்து வைத்தால் இடது கைக்கு 3, 6, 9 தூரம், வலது கைக்கு 1, 4, 7 தூரம். பலகையை 50 மில்லிமீட்டருக்குச் சுருக்கி, காலியாக விட்ட ஓரத்தில் ஓர் அம்பு வைத்து, அதைத் தொட்டால் பலகை அந்தப் பக்கம் நகரும்படி செய்தோம். முதல் ஐபோனின் முழுத்திரை அகலமே ஏறத்தாழ அவ்வளவுதான் என்பதைப் பிறகு கணக்குப் பார்த்தபோது கண்டேன். "சேமி" பட்டன் பலகைக்கு மேலே, திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே பட்டையாக ஆயிற்று. எந்தக் கை பிடித்தாலும் அதில் ஏதோ ஒரு பகுதி விரலின் வளைவுக்குள் வந்துவிடும். சிஸ்டம் பட்டன்களுக்கும் எங்கள் கடைசி வரிசைக்கும் இடையே ஒரு விரல் அகலம் வெறுமையாக விட்டோம். தொடுமிடங்களுக்குக் கூகுள் சொல்லும் சுமார் 9 மில்லிமீட்டர் அளவு உட்கார்ந்திருக்கிற விரலுக்குப் போதும். நீண்டு நடுங்குகிற விரலுக்குப் போதாதென்று வரிசைகளின் உயரத்தையும் கூட்டினோம். "அழி" என்ற கட்டளையை மட்டும் வேண்டுமென்றே மேல்மூலையில், எட்டாத இடத்தில், வைத்தேன். அதற்கு இன்னொரு கையும் வரட்டும்.

இடது மேல்மூலையிலிருந்த பின்செல்லும் அம்பை எடுக்க நான் பட்ட பாட்டைத் தனியே சொல்ல வேண்டும். 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10-இலிருந்து, சைகை முறையை வைத்திருக்கிற போன்களில், திரையின் இரண்டு ஓரங்களில் எதிலிருந்து இழுத்தாலும் பின்னே போகலாம். ஆனால் அதே ஓரத்தில் இழுத்துத் திறக்கும் பக்கமெனுவையும் வைத்திருந்தால், மெனுவைத் தேடியவன் முந்தின பக்கத்தில் போய் விழுவான். மெனுவையே நீக்கிவிடலாம் என்றேன். "எல்லாச் செயலியிலும் இருக்கிறதே" என்று நான்கு கூட்டங்களில் பதில் வந்தது. மெனுவுக்குள் இருந்த பதினொரு தலைப்புகளில் கணக்குப்பிள்ளை தொட்டவை மூன்று என்று காட்டிய பிறகே அந்த மூன்றும் கீழ்ப்பட்டையில் நின்றன. கீழ்ப்பட்டையில் மூன்று முதல் ஐந்துவரை வைக்கலாம் என்பதுதான் வழக்கமான விதி. ஆறாவது ஒன்றைத் திணிக்கச் சொல்லி யாராவது வந்துகொண்டேதான் இருக்கிறார்கள்.

இப்போது வருகிற பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். நான் ஒரு வாரத்தில் வரைவதை ஒரு மத்தியானத்தில் வரைகிறார்கள். ஆனால் பெரிய மானிட்டரில், இரண்டு கையும் மேஜைமேல் ஊன்றி, மௌஸ் அம்பினால் போன் திரையைத் தொட்டுப் பார்த்துத் தேறிவிட்டது என்கிறார்கள். மௌஸுக்கு மேல்மூலையும் ஒன்று, கீழ்மூலையும் ஒன்று; அதற்குச் சுண்டுவிரல் இல்லை. பஸ்ஸில் நின்றுகொண்டு ஒரு கையால் உபயோகித்துப் பார் என்று சொன்னால், அதற்கு நேரம் ஒதுக்கவில்லை என்கிறார்கள். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே ஒரு மணி நேரப் பிரயாணம்கூட இராது. 2021-இல் ஆப்பிள் நிறுவனம் சஃபாரியின் முகவரிப் பட்டையைக் கீழே இறக்கியபோது எழுந்த ஆட்சேபத்தைக் கேட்டு, பழையபடி மேலேயே வைத்துக்கொள்ளவும் வழி விட்டது. அத்தனை பெரிய இடத்திலேயே அவ்வளவு தயக்கம் இருந்தது. இங்கே ஒரு தயக்கமும் காணோம்.

முப்பத்தேழு தாள்களும் என் அலமாரியில், ஒரு பழைய புரூப் கட்டுக்குள் இருக்கின்றன. அவற்றில் பெண்களின் தாள்கள் நான்குதான். விற்பனைக்கூடத்தில் அவர்களிடம் தாள் நீட்ட எனக்குக் கூச்சமாக இருந்தது, அது பெருங்குறை. அந்த நான்கிலும் வளைவுகள் மற்றவற்றைவிடத் தாழ்ந்தே நிற்கின்றன. நாங்கள் வைத்த "சேமி" பட்டை அவற்றில் இரண்டுக்கு மயிரிழையில்தான் எட்டுகிறது. விழுப்புரம் பஸ் நிலையத்தில் பூ விற்கும் ஓர் அம்மாள், இடது கையில் போனும் வலது கையில் நாருமாக நாள் முழுவதும் இருப்பவர், புதன்கிழமை காலை வந்தால் தாமும் தம் அக்காவும் மை தொட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். தாள் வெட்டி வைத்துவிட்டேன்; மைதான் கொஞ்சம் கெட்டியாகிவிட்டது, மண்ணெண்ணெய் இரண்டு சொட்டு விட்டுக் கலக்க வேண்டும்.