பழைய கேஸ்கட்

கோத்தகிரியில் முப்பது வருடமாக டீசல் வண்டி பார்க்கிறேன். ஒரு வண்டியின் புகையை இரண்டு முறை தப்பாகப் படித்தேன். முதல் முறை தப்பு என்று தெரிந்த பிறகும் வண்டிக்காரரிடம் மறைத்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வண்டி நாலு சிலிண்டர் டர்போ டீசல், பழைய மாடல், கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. கேரட்டும் பீட்ரூட்டும் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்வரும் தம்பி ஒருவர் ஓட்டினார். அது டிசம்பர் மாதம். காலையில் ஸ்டார்ட் செய்தால் தெருவே தெரியாத அளவுக்கு வெள்ளைப் புகை வருவதாகச் சொன்னார். நான் போய்ப் பார்த்தேன். என்ஜின் நாலில் இரண்டு சிலிண்டரில்தான் ஓடுவது போல உதறியது. நாலைந்து நிமிடத்தில் சூடானதும் உதறல் நின்றது, புகையும் நின்றது. "ஹெட் கேஸ்கட் போயிருக்கு தம்பி, தண்ணி உள்ள இறங்குது" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அதற்கு முந்தைய மாதம் இரண்டு வண்டிக்கு கேஸ்கட் மாற்றியிருந்தேன், அவற்றிலும் வெள்ளைப் புகை வந்தது. வேறு காரணம் இல்லை. ஆனால் என் கண் முன்னாலேயே நாலு சாட்சி இருந்தது. கேஸ்கட் வழியாகத் தண்ணீர் இறங்கினால் என்ஜின் சூடான பிறகும் புகை விடாது. இங்கே சூடானதும் நின்றுவிட்டது. கூலன்ட் எரிந்தால் ஒரு தித்திப்பு வாடை வரும். இங்கே பச்சை டீசல் வாடை அடித்தது, கண் எரிந்தது. ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்திருக்க வேண்டும், குறையவில்லை. மூடியைத் திறந்து ஓடவிட்டால் குமிழி வர வேண்டும். அதை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை.

டீசல் என்ஜினில் தீப்பொறி கொடுக்கும் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை அழுத்துகிற அழுத்தில் காற்று கொதித்து, அந்தச் சூட்டில்தான் டீசல் பற்றிக்கொள்கிறது. ராத்திரி முழுக்க ஆறு டிகிரி குளிரில் நின்ற என்ஜினில், அந்தச் சூட்டை இரும்புச் சுவரே குடித்துவிடும். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் சிலிண்டருக்கு ஒன்றாக ஹீட்டர் பிளக் வைத்திருக்கிறார்கள். அது வேலை செய்யாத சிலிண்டரில் டீசல் தெளிக்கப்படும், ஆனால் தீப்பிடிக்காது. ஆவியாகி சைலன்சர் வழியாக வெளியே வந்து, குளிர்ந்த காற்றில் பொடித்துளியாகத் திரண்டு வெள்ளையாகத் தெரியும். எங்கள் ஊர் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல்மட்டத்தைவிடக் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அழுத்துவதற்கே காற்று குறைவு என்பதால் இங்கே ஹீட்டர் பிளக் இல்லாமல் காலையில் வண்டி திணறும். முப்பது வருடம் இந்த மலையில் இருந்துகொண்டு இது எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது.

ஹெட்டை இறக்கினேன். கேஸ்கட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், எங்கும் எரிந்த தடம் இல்லை. நாலு பிஸ்டன் தலையும் ஒரே மாதிரி கரியாக இருந்தன. தண்ணீர் இறங்கிய சிலிண்டரில் பிஸ்டன் தலை ஆவியில் கழுவியது போலப் பளிச்சென்று இருக்கும். அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. தம்பி பக்கத்தில்தான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நான் வாய் திறக்கவில்லை. ஹெட்டை ஃபேஸிங் போட லேத்துக்கு அனுப்பினேன், புது கேஸ்கட் போட்டேன், பதினாலாயிரம் ரூபாய் வாங்கினேன்.

மறுநாள் காலை அதே புகை. "கொஞ்சம் செட் ஆகணும், விட்டுட்டுப் போங்க" என்று அனுப்பிவிட்டு, ஹீட்டர் பிளக்குகளை இணைக்கும் பட்டையைக் கழற்றினேன். டெஸ்ட் லேம்ப்பின் கிளிப்பை பேட்டரி பிளஸில் மாட்டி, முனையை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தொட்டேன். உள்ளே கம்பி நன்றாக இருந்தால் லேம்ப் எரியும், அறுந்திருந்தால் எரியாது. இரண்டில் எரிந்தது, இரண்டில் எரியவில்லை. பத்து நிமிட வேலை. நாலும் நன்றாக எரிந்திருந்தால்தான் அடுத்து கம்ப்ரஷன், டைமிங் என்று போக வேண்டும். ஹெட்டைக் கழற்றுவது அதற்கும் பிறகு. நாலு பிளக்கையும் என் காசில் மாற்றினேன். மறுநாள் வண்டி புகையே இல்லாமல் கிளம்பியது. "கேஸ்கட் செட் ஆயிடுச்சு" என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

ஐந்து மாதம் கழித்து அதே வண்டி வந்தது. இந்த முறை ஸ்டார்டிங்கில் ஒன்றுமில்லை. லோடோடு மலை ஏறும்போது ஆக்சிலேட்டரை மிதித்தால் கறுப்பாகக் கக்குகிறது, இழுவையும் இல்லை என்றார். கறுப்புப் புகை என்பது வேறு கதை. இங்கே டீசல் பற்றிக்கொண்டுவிட்டது, முழுதாக எரியத்தான் காற்று போதவில்லை. எரியாத மிச்சம் கரியாக வருகிறது. வெள்ளைக்குச் சூடு குறைவு காரணமென்றால், கறுப்புக்குக் காற்று குறைவோ டீசல் அதிகமோதான் காரணம். காற்று எங்கே போகிறது என்று முதலில் தேட வேண்டும்.

நான் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. பட்டறையிலேயே நிறுத்தி ரேஸ் கொடுத்தேன். சட்டென்று மிதித்தபோது ஒரு கறுப்பு மொத்தை வந்து அடங்கியது. டர்போ சுழன்று வேகம் பிடிக்கும் வரை பழைய வண்டியில் அது வரும், அதைக் கோளாறு என்று எடுக்கக் கூடாது. நான் எடுத்தேன். டீசல் அதிகமாக இறங்குகிறது என்று முடிவு செய்து, பம்பில் சீல் வைத்திருந்த ஈயக்கம்பியை அறுத்து, ஃபுல்லோடு ஸ்க்ரூவை முக்கால் சுற்று குறைத்தேன். புகை குறைந்தது. இழுவை அதைவிடக் குறைந்தது. ஒன்றரை டன் ஏற்றியவர் ஒரு டன்னுக்கு இறங்கினார். மூன்று மாத வாடகையில் அந்த அரை டன் போனது என்னால்தான்.

ஒருநாள் என் சொந்த வேலையாக மேட்டுப்பாளையம் போய், அவர் வண்டியிலேயே திரும்பினேன். கொண்டை ஊசி வளைவில் அவர் மிதிக்கும்போதெல்லாம் டர்போவின் விசில் பாதியில் அறுந்து, புஸ்ஸென்று காற்று கசியும் சத்தம் கேட்டது. வண்டியை ஓரங்கட்டச் சொன்னேன். இன்டர்கூலரிலிருந்து என்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கம் விரல் நீளத்துக்கு வெடிப்பு. மேலிருந்து பார்த்தால் தெரியாது. கீழே தடவினால் ஆயில் பிசுக்கு. சும்மா நிற்கும்போது அந்த வெடிப்பு மூடியே இருக்கும். லோடில் டர்போ காற்றைத் தள்ளும்போதுதான் வாயைத் திறக்கும். பட்டறையில் நிறுத்தி எத்தனை முறை ரேஸ் கொடுத்தாலும் அது தெரிந்திருக்காது. அந்த வண்டியின் பம்பு காற்று குறைந்ததைக் கண்டு தானே டீசலைக் குறைக்கும் வகையல்ல. அதனால் வழக்கமான டீசல் இறங்கியது, காற்று பாதியில் போனது. லோடோடு ஒரே ஒரு மேடு ஏறிப் பார்த்திருந்தால் முதல் நாளே கேட்டிருக்கும்.

அந்த ரோட்டோரத்தில்தான் எல்லாவற்றையும் சொன்னேன். ஹோஸைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து, ஸ்க்ரூவைச் சொல்லி, பிறகு டிசம்பர் மாதம் வரை போனேன். அவர் ஹோஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்த கேஸ்கட் நல்லாத்தான் இருந்துச்சாண்ணே?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

ஹோஸை அன்று மாலையே மாற்றினேன். ஸ்க்ரூவை நீங்களே பழையபடி திருப்பிவிடுங்கள் என்றார். கைக்கணக்கில் ஒருமுறை கெடுத்ததைக் கைக்கணக்கில் சரிசெய்ய மனம் வரவில்லை. பம்பைக் கழற்றிக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய், பெஞ்சில் ஏற்றி அளவு வைத்து, புது சீல் போட்டு வாங்கிவந்தேன். அந்தச் செலவு என்னுடையது. பதினாலாயிரத்தை மூன்று தவணையில் கொடுத்தேன். போன அரை டன் வாடகைக்கு அவர் கணக்குச் சொல்லவில்லை, நானும் இன்னும் கொடுக்கவில்லை.